ஒருவர் போய் ஒருவர் வந்தால்: துணை ஒப்பந்தமா, புது ஒப்பந்தமா?

வேளச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீடு. வாடகை 24,000, அட்வான்ஸ் 60,000. பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஐந்து மாதம் ஓடியதும் ஒருவர் கிளம்புகிறார், புதிதாக ஒருவர் வருகிறார். இப்போது பெயரை எப்படிச் சேர்ப்பது?

புது ஒப்பந்தம் போட்டால் எல்லாம் ஒரே தாளில் தெளிவாக இருக்கும். பதினொரு மாதமும் முதலிலிருந்து தொடங்கும். ஆனால் வாடகைப் பேச்சும் மறுபடி தொடங்கும். "புதுசா போடுறோம்ல, ஆயிரம் ஏத்திக்கலாம்" என்று வீட்டுக்காரர் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

துணை ஒப்பந்தத்தில் வாடகையும் முடியும் தேதியும் அப்படியே நிற்கும். பழைய ஒப்பந்தத்தின் தேதியைக் குறிப்பிட்டு, யார் எந்த நாளோடு விலகுகிறார், யார் சேர்கிறார், மற்ற நிபந்தனைகள் மாறவில்லை என்று எழுதினால் போதும். வீட்டுக்காரரோடு நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும். போகிறவர் கையெழுத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் காகிதத்தில் அவர் இன்னும் வாடகைதாரர்தான். பின்னால் வாடகை பாக்கி வந்தால் அவரையும் கேட்கலாம், அட்வான்ஸில் அவரும் பங்கு கேட்கலாம்.

அப்புறம் அட்வான்ஸில் ஒருவரின் பங்கான அந்த 20,000. வருகிறவர் அதைப் போகிறவருக்கே ஜிபேயில் அனுப்பிவிடுவார். சரி, ஆனால் "அட்வான்ஸ் பங்கு மாற்றப்பட்டது" என்ற வரி துணை ஒப்பந்தத்தில் கட்டாயம் வேண்டும். உடைந்த வாஷ்பேசின், கறை பிடித்த சுவர் எல்லாவற்றையும் அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முந்தையவர் செய்த சேதத்துக்கும் புதியவர் பணம்தான் பிடிபடும்.

ஆறு மாதம் மீதியிருக்கும் இந்த வீட்டுக்கு நான் துணை ஒப்பந்தம்தான் சொல்வேன். ஒன்றிரண்டு மாதமே இருந்தால் புதிதாகவே போட்டுவிடலாம்.