"பில்லில் எழுதலையே" என்பார்கள், நம்பிவிடாதீர்கள்: ஆத்தங்குடி டைல்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் வளவுக்குப் புதுத் தரை போட்டார்கள். 800 சதுர அடி. எட்டங்குலக் கல் 1,800. பட்டறையில் ஒரு சாம்பிள் கல்லைக் காட்டி, கல்லுக்கு 35 ரூபாய் வீதம் 63,000 பேசி, 40,000 முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். பில்லில் இருந்தது ஒரே வரி: "ஆத்தங்குடி டைல்ஸ் 1800".

லோடு வந்த மறுநாளே மேஸ்திரி பதிக்க ஆரம்பித்துவிட்டார். சில மாதத்தில் ஆள் நடக்கும் தடம் முழுக்கக் கலர் போய்ச் சாம்பல் சிமெண்ட் தெரிந்தது. மீந்த கல் ஒன்றை உடைத்து, சாம்பிளையும் உடைத்துப் பக்கத்தில் வைத்தால் சங்கதி புரிந்துவிடும். சாம்பிளில் கலர்ப் படலம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். லோடில் வந்ததில் ஒன்றுகூட இல்லை. இது சுடாத கல். கண்ணாடி மேல் ஊற்றும் கலர்க் கலவையின் கனமும், தண்ணீரில் ஊறவைக்கும் நாட்களும்தான் அதன் ஆயுள். இரண்டிலும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

கேட்கப்போனால் பட்டறைக்காரர் சொன்னது: "பில்லப் பாருங்கண்ணே, கலர் இத்தனை கனம்னு எங்க எழுதியிருக்கு?"

எழுதியிருக்க வேண்டியதில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அந்த வெற்றிடத்தைத் தானே நிரப்புகிறது. சாம்பிளை வைத்து ஒப்பந்தம் ஆனால், மொத்தச் சரக்கும் சாம்பிளோடு ஒத்திருக்க வேண்டும்; ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும்; சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறை உள்ளே இருக்கக் கூடாது. இது 17-ஆவது பிரிவு. உடைத்தால்தான் தெரியும் மெல்லிய கலர்ப் படலம் அந்த மூன்றாவது வகை. அதே கல்லில் மூலை உடைந்திருந்து, பார்த்தும் பதித்திருந்தால் கதை வேறு. கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சாயலில் சின்ன வேறுபாடு கைவேலையில் வரத்தான் செய்யும், அதை வைத்து வழக்காட முடியாது.

இந்த வீட்டார் நிஜமாக இழந்தது பதித்த அன்றைக்குத்தான். பதிப்பது சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அதன் பிறகு லோடைத் திருப்பியனுப்பி முழுப் பணம் கேட்கும் உரிமை போய், நஷ்ட ஈடு மட்டும் மிஞ்சும். நல்லவேளை, பாக்கி 23,000 கையில் இருந்தது. நஷ்டத்தை அந்தப் பாக்கியில் கழித்துக்கொள்ள 59-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் சும்மா இழுத்தடிக்காமல், என்ன குறை, எவ்வளவு நஷ்டம் என்று ஸ்பீட் போஸ்டில் எழுதிவிட்டுக் கழிப்பதே நல்லது.

பதிக்கும் முன்பே குறை தெரிந்தால் கை ஓங்கியிருக்கும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. அதற்குள் சரக்கைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுத்தால் அது முறையற்ற வணிகம்.

இதை வைத்து நினைத்ததையெல்லாம் ஒப்பந்தத்துக்குள் ஏற்றிவிட முடியாது. இதே வீட்டார் "நூற்றுக்கு ஐந்து கல் கூடுதலாகத் தருவது வழக்கம்" என்றும் கேட்டார்கள். வழக்கம் என்றால் அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். சட்டத்திலும் வழக்கத்திலும் இல்லாத ஒன்றை நீதிமன்றம் சேர்க்க இன்னும் கறாரான அளவுகோல் உண்டு. நாபா பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னபடி, அது நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. அது இல்லாமல் ஒப்பந்தமே நடைமுறையில் ஓடாது என்ற அளவுக்கு அவசியமாக, சொல்லாமலே விளங்குவதாக, தெளிவாகச் சொல்லக்கூடியதாக, எழுதியிருப்பதற்கு முரண்படாததாக இருக்க வேண்டும். இலவசக் கல் இதில் எங்கே தேறப்போகிறது? வேண்டுமென்றால் பில்லில் எழுதி வாங்குங்கள்.

முன்பணம் கொடுக்கும்போது சாம்பிள் கல்லின் பின்பக்கம் பட்டறைக்காரரைத் தேதியோடு கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கல் கையில் இல்லாவிட்டால் 17-ஆவது பிரிவு உங்களுக்குக் காகிதம்தான். லோடு இறங்கியதும் அடுக்கின் மேல், நடு, அடி என்று ஐந்தாறு கல் எடுத்து உடைத்து, வெட்டு முகத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அதுவரை மேஸ்திரி காத்திருக்கட்டும், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை.

புகார் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். சரக்கின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். மேஸ்திரி பெயரில் இருந்தால், கல் யார் வாங்கியது என்ற வாதத்திலேயே முதல் சில வாய்தா ஓடிவிடும்.