அரிசி ஸ்ட்ராங்கா, சர்க்கரை ஸ்ட்ராங்கா?

போன சித்திரையில் மன்னார்குடியில் பெரியப்பா மகன் வீட்டு மொட்டைமாடி. இரண்டு ஸ்ட்ராங் பீர், இரண்டுமே 650 மில்லி, இரண்டிலும் ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மிகாது என்று அச்சிட்டிருந்தது. லேபிளில் ஒன்றுக்கு பார்லி மால்ட்டும் அரிசியும், மற்றதற்கு மால்ட்டும் சர்க்கரையும். ஒரே ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தோம். முதல் மடக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இருபது நிமிடம் கழித்து, தம்ளரில் இருந்தது கொஞ்சம் சூடேறியதும், சர்க்கரைக்காரன் உதட்டில் பிசுபிசுத்தான், தொண்டையிலும் காந்தினான். அரிசிக்காரன் காட்டமாக இருந்தாலும் வாயைச் சுத்தமாக விட்டான்.

"சர்க்கரை போட்டா இனிக்கத்தானே செய்யும், தம்பி?" என்றார் அண்ணன். விஷயம் அப்படி இல்லை. சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிட முடியும். ஒழுங்காகப் புளித்து முடிந்தால் பீரைச் சர்க்கரை மெலிதாக்கும், இனிப்பாக்காது. முடியாதபோதுதான் இனிப்பு நிற்கிறது.

சாதாரண லாகருக்கு, புளிக்கவைக்கும் முன் ஊறல் சாற்றில் 11, 12 சதவீதம் கரைந்த சத்து இருந்தால் போதும். 8 சதவீத ஆல்கஹால் வேண்டுமென்றால் சுமார் 16 சதவீதம் வேண்டும். சர்க்கரையைக் கொட்டும்போது ஈஸ்ட் முதலில் அதை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைத்து, குளுக்கோஸை முந்திச் சாப்பிடுகிறது. குளுக்கோஸ் நிறைய இருக்கும்வரை மால்ட்டின் சொந்தச் சர்க்கரையான மால்டோஸை அது தொடுவதில்லை. அப்புறம் தொடும்போது, ஏறிக்கொண்டே போகும் ஆல்கஹாலில் களைத்துப்போய் பாதியில் நின்றுவிடலாம். மிஞ்சும் மால்டோஸ் லேசான இனிப்புதான். ஃப்ரக்டோஸ் மிஞ்சினால் இனிப்பு தூக்கலாகத் தெரியும். கசப்புக்கு ஹாப்ஸ் குறைவாக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

அரிசி வரும் வழி வேறு. ஆலைக்குப் போவது பெரும்பாலும் நொய்தான். நம் வீட்டில் நொய்க்கஞ்சி காய்ச்சுவதைப் போலவே அதைத் தனியாக வேகவைத்து, மாவுச்சத்து வெடித்த பிறகே மால்ட்டோடு சேர்ப்பார்கள். மால்ட்டின் நொதிகள் அதைப் பெரும்பாலும் மால்டோஸாக்குகின்றன. அதுதான் லாகர் ஈஸ்ட்டுக்குப் பழக்கப்பட்ட தீனி. அதனால் புளித்தல் சீராகப் போய் முடிய வாய்ப்பு அதிகம். எனக்கு அரிசி பீர் பிடிப்பதற்குக் காரணமும் இந்த வறண்ட முடிவுதான்.

காட்டம் மட்டும் இரண்டுக்கும் பொது. சர்க்கரையில் நைட்ரஜன் சத்து இல்லை, அரிசியிலிருந்து சாற்றில் சேர்வதும் கொஞ்சம்தான். மால்ட் குறையக் குறைய ஈஸ்ட்டுக்குச் சத்து போதாமல், ஃபியூசல் எனப்படும் கனத்த ஆல்கஹால்கள் கூடுகின்றன. அவசரத்துக்கு வெதுவெதுப்பாகப் புளிக்கவிட்டால் இன்னும் கூடும். சர்க்கரை பீரில் அதை மூடிவைக்க அடர்த்தியும் இல்லாததால் நேரே தொண்டையில் உரைக்கிறது. நெயில் பாலிஷ் வாடை வந்தால் எஸ்டர் மிகுந்தது, பச்சை ஆப்பிள் வாடை வந்தால் பக்குவமாகும் முன் எடுத்தது. ஆனால் லேபிளை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. கவனமாகச் செய்த சர்க்கரை பீர், அவசரத்தில் செய்த அரிசி பீரைவிட நன்றாகவே இருக்கும்.

சரி, எப்படிக் குடிப்பது? அரிசி பீரை 6, 7 டிகிரியில், அதாவது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடத்தில், கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். சர்க்கரை பீரை இன்னும் குளிராக, சிறு தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், மீதி பாட்டில் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் நிரப்பி வைத்த பெரிய தம்ளர் சீக்கிரமே சூடாகி, இனிப்பும் வாடையும் மேலே வந்துவிடும். பனிக்கட்டி போடாதீர்கள். பீர் நீர்த்துப்போகும், கேஸும் போகும்.

தொட்டுக்கொள்ள மிளகாய்த்தூள் தூக்கலான வறுவல் வேண்டாம். ஆல்கஹாலும் மிளகாயும் நாக்கில் ஒரே எரிச்சல் நரம்பைத்தான் தூண்டுகின்றன, காட்டம் இரட்டிக்கும். உப்புத் தூக்கலான வேர்க்கடலை, எலுமிச்சை பிழிந்த நெத்திலி இரண்டும் சரியாக இருக்கும். எலுமிச்சைப் புளிப்பு அந்த இனிப்பையும் வெட்டும்.

அளவு முக்கியம். 650 மில்லியில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தியில் அது சுமார் 120 மில்லி, அதாவது இரண்டு லார்ஜ். அரிசி பீர் எளிதாக இறங்குவதால் இந்தக் கணக்கு மறந்துபோகும். நாங்கள் அன்றைக்கு ஆளுக்கு அரைப் பாட்டில் பகிர்ந்துகொண்டோம், கூடவே ஒரு சொம்புத் தண்ணீர். பைக் சாவி அண்ணியிடம் இருந்தது.