விடுதியின் ஒற்றை லாகின்: பயண ரவுட்டரா, மடிக்கணினி ஹாட்ஸ்பாட்டா, கைபேசிப் பகிர்வா?

தங்கும் விடுதிகள் சிலவற்றில் ஓர் அறைக்கு ஒரு கருவிக்கு மட்டுமே வைஃபை அனுமதி கிடைக்கிறது. கையில் இருப்பதோ கைபேசி, மடிக்கணினி, டேப்லெட், தொலைக்காட்சியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்று நான்கு. அந்த ஓர் அனுமதியை நான்குக்கும் பகிர்ந்துகொள்ள மூன்று வழிகள் இருக்கின்றன: மடிக்கணினியை ஹாட்ஸ்பாட் ஆக்குவது, கைபேசியின் வழியே வைஃபையைப் பகிர்வது, உள்ளங்கை அளவிலான பயண ரவுட்டர் ஒன்றை உடன் கொண்டு செல்வது. முதல் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் பயண ரவுட்டரைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

கைபேசி வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஐஃபோனின் ஹாட்ஸ்பாட் மொபைல் டேட்டாவை மட்டுமே பகிரும். இணைந்திருக்கும் வைஃபையைப் பகிராது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் சில மாடல்கள் அதைச் செய்கின்றன, சில செய்வதில்லை. செய்கிற கைபேசியும் அறையைவிட்டு நம்மோடு வெளியே வந்துவிட்டால், அறையில் இருப்பவர்களுக்கு இணையம் போய்விடும்.

மடிக்கணினி வழி இதைவிட வலுவானது. விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட் வசதி ஏற்கெனவே இருக்கிறது. செலவு எதுவும் இல்லை. எட்டுக் கருவிகள் வரை இணைக்கலாம். ஆப்பிளின் மேக் கணினியில் நிலைமை வேறு: அதன் இணையப் பகிர்வு, வைஃபையில் வாங்கியதை அதே வைஃபையில் திருப்பித் தராது, சுவரில் உயிருள்ள ஈதர்நெட் துளை இருந்தால்தான் அது பயன்படும். எந்தக் கணினியானாலும் மூடியை மூடினால் பொதுவாக அது உறங்கிவிடும், பகிர்வும் நின்றுவிடும். ஒரே இரவு, இரண்டே கருவிகள் என்றால் விண்டோஸ் மடிக்கணினி போதும் என்றே நானும் சொல்வேன். பல நாள் தங்கலுக்கு நான் அதை நம்பியிருந்ததில்லை என்பதால், அங்கே அதற்கு எதிராக அழுத்தமாகத் தீர்ப்புச் சொல்லவும் விரும்பவில்லை.

தேர்வைத் தீர்மானிப்பது வேகமோ எடையோ அல்ல, லாகின் யார் பெயரில் பதிவாகிறது என்பதுதான். அறை எண்ணையும் குடும்பப் பெயரையும் உள்ளிட்டவுடன், விடுதியின் வலையமைப்பு பொதுவாக நினைவில் வைத்துக்கொள்வது அந்தக் கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் வைஃபை வன்பொருள் அடையாள எண்ணை. அந்த எண்ணிலிருந்து வரும் போக்குவரத்தை அனுமதித்து, மற்றவற்றை லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. ரவுட்டர் தனக்குப் பின்னால் உள்ள அத்தனை கருவிகளின் போக்குவரத்தையும் தன் ஒரே எண்ணின்கீழ் அனுப்புவதால், விடுதிக்குத் தெரிவது ஒரு கருவி மட்டுமே. மடிக்கணினி ஹாட்ஸ்பாட்டும் இதையேதான் செய்கிறது. ஆனால் அங்கே அனுமதி, நாம் தூக்கிக்கொண்டு போகும் கருவியோடு கட்டுண்டிருக்கிறது. ரவுட்டரோ தங்கியிருக்கும் நாள் முழுதும் அறையிலேயே மின்சாரத்தில் கிடக்கும்.

நடைமுறை எளிது. ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, கைபேசியை ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஜிஎல்-ஐநெட் நிறுவனத்தின் ரவுட்டர்களில் அது 192.168.8.1 என்ற முகவரியில் இருக்கும். அங்கே ரிப்பீட்டர் பகுதியில் விடுதியின் வைஃபையைத் தேர்ந்தெடுத்தால் ரவுட்டர் அதில் இணைந்து ஒரு ஐபி முகவரி பெறும். பிறகு கைபேசி உலாவியில் neverssl.com என்று தட்டினால், அந்தத் தளம் மறையாக்கம் இல்லாமல் இயங்குவதால், விடுதியின் அமைப்பு அதை இடைமறித்து லாகின் பக்கத்தைக் காட்டும். கைபேசியிலிருந்து ஒரு முறை உள்நுழைந்தால் மற்ற மூன்றும் தாமாகவே இணையத்துக்கு வந்துவிடும். உலாவியே இல்லாத ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு இதன் அருமை அதிகம்: அது லாகின் பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லை. கைபேசியும் ஸ்டிக்கும் இப்போது நம் சொந்த வலையமைப்பில் இருப்பதால், கைபேசித் திரையைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவதும் தடைபடாது. விடுதி வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி அடைத்து வைப்பது வழக்கம்.

லாகின் பக்கம் வராமல் போவதுதான் அதிகம் நேரும் தொல்லை. ரவுட்டர் ஐபி முகவரி பெற்றுவிட்டது, ஆனால் உலாவி ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்கிறது என்றால், முதலில் தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும். லாகின் பக்கத்தின் பெயர் பெரும்பாலும் விடுதிக்குள்ளேயே இருக்கும் 10.x போன்ற ஒரு தனி முகவரியைத்தான் குறிக்கும். வெளியிலிருந்து வரும் பதில் தனி முகவரியைச் சுட்டினால் அதைத் தாக்குதல் முயற்சி என்று கருதி நிராகரிக்கும் பாதுகாப்பு ஒன்று இந்த ரவுட்டர்களில் உண்டு. ‘டிஎன்எஸ் ரீபைண்டிங்’ தடுப்பு என்று அமைப்புகளில் காணலாம். லாகின் முடியும் வரை அதையும், மறையாக்கப்பட்ட டிஎன்எஸ்ஸையும், விபிஎன்னையும் அணைத்துவைத்துவிட்டு, முடிந்ததும் மீண்டும் இயக்கலாம். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் பக்கம் சுழன்றுகொண்டே இருந்தால், விடுதி கொடுத்த முகவரியும் ரவுட்டரின் உள்முகவரியும் மோதுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் 192.168.8 என்றே தொடங்கினால் போக்குவரத்து எங்கே போவது என்று ரவுட்டருக்கே தெரியாது, உள்முகவரியை 192.168.77.1 என்று மாற்றினால் தீரும்.

மற்றொரு சிக்கல், ரவுட்டரை எடுப்பதற்கு முன்பே கைபேசியில் லாகின் செய்துவிடுவது. அந்த ஒற்றை அனுமதி கைபேசியின் எண்ணுக்குப் போய்விட்டதால், ரவுட்டர் தன் எண்ணைக் கொண்டு நுழைய முடியாது. இதற்காகவே கைபேசியின் மேக் முகவரியை ரவுட்டருக்குக் கொடுக்கும் குளோன் வசதி இருக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம்: ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 முதலாகக் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு தற்காலிக எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஆகவே கைபேசியின் பொதுவான ‘பற்றி’ பக்கத்தில் உள்ள எண்ணை எடுக்கக் கூடாது. விடுதி வைஃபையின் பெயரைத் தொட்டுத் திறந்தால் அதற்கெனக் காட்டப்படும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். குளோன் செய்த பிறகு கைபேசி விடுதி வைஃபையில் தானாக இணைவதை நிறுத்திவிட வேண்டும். ஒரே எண்ணோடு இரு கருவிகள் நின்றால் இருவரின் இணைப்பும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும்.

அனுமதி 24 மணி நேரத்துக்கு மட்டும் என்றால், அந்த நேரம் முடிந்ததும் நான்கு கருவிகளும் ஒரே கணத்தில் நின்றுவிடும். வைஃபை அடையாளம் முழுதாகத் தெரியும், எதுவும் திறக்காது. எந்தக் கருவியிலிருந்தும் மீண்டும் neverssl.com சென்று உள்நுழைந்தால் போதும். அந்த நேரத்தில் விபிஎன் மட்டும் அணைந்திருக்க வேண்டும்.

ரவுட்டருக்கும் எல்லைகள் உண்டு. ஒரே அலைவரிசையில் விடுதியிடமிருந்து வாங்கி, அதே அலைவரிசையில் நமக்குக் கொடுத்தால், ஒவ்வொரு தரவும் காற்றில் இருமுறை பயணிப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4-இல் பகிரும் இரட்டை அலைவரிசை ரவுட்டர் இதைத் தவிர்க்கும். தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளை போதிய மின்சாரம் தராமல் ரவுட்டர் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகலாம். சார்ஜரில் செருகுவதே சரி. விடுதியின் விதிமுறையில் சொந்த ரவுட்டர் கூடாது என்று எழுதியிருந்தால் அதை மீறாமல், வரவேற்பில் இன்னொரு கருவிக்கான அனுமதி கேட்பதே முறை.

வாங்குவதாக இருந்தால் விளம்பரத்தில் உள்ள வேக எண்களைவிட மூன்றைப் பார்த்து வாங்குங்கள்: மேக் குளோன், டிஎன்எஸ் தடுப்பை அணைக்கும் பொத்தான், இரட்டை அலைவரிசை. முதல் இரண்டும் இல்லாத ரவுட்டர், லாகின் பக்கமே திறக்காத விடுதியில் பெட்டிக்குள்தான் கிடக்கும்.