'விட நேர்ந்தது' என்பதா, 'விட்டேன்' என்பதா?

உடல்நலம் குன்றிய அம்மாவையோ அப்பாவையோ பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர்கள், லிங்க்ட்இன் பக்கத்திலும் ரெஸ்யூமேயிலும் அந்த இடைவெளிக்கு ஒரு வரி எழுதியாக வேண்டும். பெரும்பாலும் நான்கு விதமாக எழுதுகிறார்கள். இவற்றில் நான் எடுத்துக்கொண்டது 'விட்டேன்' என்ற வரி. என் சாய்வு அதன் பக்கம்தான்.

'சொந்தக் காரணங்கள்' என்பதை அதிகம் அலச வேண்டியதில்லை. எதையும் மறைக்கலாம் என்பதால், எதையோ மறைப்பதாகவே படிப்பவருக்குத் தோன்றும். 'அம்மாவுக்காக வேலையைத் தூக்கி எறிந்தேன்' என்ற தியாக வரி அதைவிட மோசம். உறவினர் யாராவது அதை அம்மாவின் போனுக்கே அனுப்பிவிடுவார்கள். மகனின் சம்பளம் தன்னால் போனது என்று அவர் படிக்க நேரும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். ஒன்று, 'குடும்பச் சூழ்நிலையால் வேலையை விட நேர்ந்தது'. மற்றது, 'அம்மாவை முழுநேரமும் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன்'. முதல் வரியில் செயலைச் செய்தது சூழ்நிலை. அதனால் நேர்காணலில் அடுத்த கேள்வி சூழ்நிலையைப் பற்றியே வரும்: அது மாறிவிட்டதா, மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள்? இதற்கு யாராலும் உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது வரியில் முடிவெடுத்த ஆள் இருக்கிறார். அவரிடம் கேட்கக்கூடியது, எப்படி முடிவெடுத்தீர்கள், இப்போது என்ன ஏற்பாடு என்பதுதான். இரண்டுக்கும் பதில் உண்டு.

ஒரு கணக்காளரின் நிலையை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். போய்வரும் நேரத்தையும், அதற்குப்பின் வரும் சோர்வையும் சேர்த்தால் அந்த மூன்று நாளும் அதற்கே போய்விடும். அவருக்கான வரி இப்படி இருக்கலாம்: 'ஜூன் 2024 - செப்டம்பர் 2025. அம்மாவின் தொடர் சிகிச்சைக்கு உடனிருக்க வேலையை விட்டேன். இப்போது தம்பியும் ஒரு உதவியாளரும் பொறுப்பேற்றிருக்கிறார்கள். முழுநேர வேலைக்குத் திரும்புகிறேன்.' நோயின் பெயர் இதில் இல்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அம்மாவின் உரிமை. பலரும் விட்டுவிடுவது தம்பியையும் உதவியாளரையும் பற்றிய வாக்கியத்தைத்தான். இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லாவிட்டால், 'விட்டேன்' என்ற துணிச்சலான சொல்லே 'மறுபடியும் விடுவாரோ' என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

லிங்க்ட்இன் 2022இல் இதற்கென்றே ஒரு பகுதியைத் தந்தது. `Add career break` என்பதில் போய் வகையாக `Caregiving` தேர்ந்தெடுத்து, மாதமும் ஆண்டும் கொடுத்து, விவரத்தில் இந்த வரியை இடலாம். ஊருக்கே அறிவிப்பு போக வேண்டாம் என்றால், சேமிக்கும் முன் `Notify network` அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'விட்டேன்' என்பதை நான் ஆதரிக்க முக்கியக் காரணம் சரிபார்ப்பு. வேலைக்கு எடுக்கும் பெரிய நிறுவனங்கள் பழைய இடத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் ஆகியவற்றைக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். அங்கே ராஜினாமா என்று பதிவாகியிருந்தால் உங்கள் வரியும் அதையே சொல்கிறது, முரண்பாடு இல்லை. பிசகுவது பெரும்பாலும் தேதியில்தான். ஒருவர் மே மாதமே அலுவலகம் போவதை நிறுத்தியிருப்பார். நோட்டீஸ் காலம் முடிந்து ரிலீவிங் லெட்டரில் இருப்பது ஜூன் 14. மனதில் பதிந்த மே மாதத்தையே பக்கத்தில் எழுதிவிடுவார். கடிதத்தில் உள்ள மாதத்தைத்தான் எழுத வேண்டும்.

பி.எஃப். கணக்கிலும் அதே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். தளத்தில் `Manage`, பிறகு `Mark Exit` என்று போய், ஆதார் ஓ.டி.பி. கொண்டு நீங்களே பதியலாம். கடைசிப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள் இருக்கும் தேதியையே அது ஏற்கும். கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

சிறு நிறுவனங்களில் இப்படிச் சரிபார்ப்பது குறைவு. அங்கே இந்த வாதத்துக்கு அவ்வளவு எடை இல்லை. விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டு, வேறு வழியின்றி விலகியவருக்கு 'விட நேர்ந்தது' என்பதே நேர்மையான சொல். நீக்கப்பட்டவர் 'விட்டேன்' என்று எழுதவே கூடாது. பழைய நிறுவனத்தின் ஒரு பதில் மின்னஞ்சலில் அது உடைந்துவிடும்.