அப்பா இறந்த 16ஆம் நாள் மில்லிலிருந்து வந்த காகிதம்: கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் அப்பா ஃபிட்டராக இருந்தார். 1998 ஜூனில் சேர்ந்தவர், 2022 ஆகஸ்ட் 23 அன்று மாரடைப்பில் போய்விட்டார். 16ஆம் நாள் காரியம் முடிந்த கையோடு மில் மேலாளரும் கணக்குப் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கவரில் 50,000 ரூபாய், ஒரு காகிதம், அதில் ஏற்கெனவே ஒட்டியிருந்த ரெவின்யூ ஸ்டாம்ப். "உங்க வீட்டுக்காரரு கணக்கு பூரா முடிச்சாச்சுங்கம்மா. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார் மேலாளர். அம்மா போட்டுவிட்டார். நான் அப்போது உள்ளறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரவு காகிதத்தின் நகலைப் படித்தேன். "இறுதிச் சம்பளம், கிராஜுவிட்டி, இதர பாக்கிகள் அனைத்தும் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தது. அடியில் பென்சிலால் கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, ஒரு கணக்கு. அந்தப் பென்சில் கணக்கில்தான் எங்களை ஏமாற்றியது தெரிந்தது.

அப்பாவின் கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,300 ரூபாய். அவர்கள் அதை 30ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, ஒரு வருடத்துக்கு 7,150 என்று எடுத்திருந்தார்கள். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு வகுக்க வேண்டியது 26ஆல். 14,300ஐ 26ஆல் வகுத்தால் 550, அதை 15ஆல் பெருக்கினால் 8,250. இது முதல் ஓட்டை. இரண்டாவது, 24 வருட சர்வீஸை 11 வருடமாக்கியிருந்தார்கள். 2011ல் மில் கைமாறிப் பெயரும் மாறியது. "புது கம்பெனியில சேர்ந்தது அப்பத்தான்" என்பது அவர்கள் வாதம். அதே மில், அதே கேட், ஒருநாள்கூட வேலை விடவில்லை. முதலாளி மாறினாலும் சர்வீஸ் தொடர்ச்சியானதுதான். மூன்றாவது, என் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தில் பாக்கி என்று 30,000 கழித்திருந்தார்கள். கிராஜுவிட்டியை அப்படி இஷ்டத்துக்குப் பிடித்தம் செய்ய முடியாது.

78,650ல் 30,000 போக 48,650. அதை 50,000 ஆக்கி, மனிதாபிமானம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வரவேண்டியதோ 8,250 பெருக்கல் 24, அதாவது 1,98,000.

கையெழுத்துப் போட்டாயிற்றே என்று ஒரு வாரம் அழுதோம். பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, சட்டம் தருகிற தொகையைக் குறைத்து எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. பணிக்கொடைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்காகவே இருந்தது. அம்மாவின் கையெழுத்து 50,000 வாங்கியதற்கான ரசீது மட்டுமே.

முதல் கடிதத்தை நான் என் பெயரில் எழுதி அனுப்பினேன். "நீங்கள் நாமினி இல்லை, திருமணமானவர்" என்று இரண்டு வரியில் திருப்பிவிட்டார்கள். பி.எஃப். விஷயத்தில் இதில் பாதி உண்மை இருக்கிறது. நாமினி பதிவு இல்லாமல் மனைவி உயிரோடு இருந்தால், கணவர் உள்ள மகளுக்கு அதில் பங்கு வராது. அதனால் இரண்டாவது கடிதத்தில் அம்மாவே விண்ணப்பதாரர்; நான் மகளாகக் கூடக் கையெழுத்திட்டேன். வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் இணைத்தோம். அதன் முக்கியமான பகுதி இது:

"என் கணவர் 1998 ஜூன் முதல் 2022 ஆகஸ்ட் 23 வரை தங்கள் ஆலையில் இடைவிடாமல் பணிபுரிந்தார். அவரது பணிக்கொடை 1,98,000 ரூபாயில் பெற்றுக்கொண்ட 50,000 போக மீதி 1,48,000 ரூபாயையும், அதைத் தர வேண்டிய 30 நாள் கெடு கடந்த நாளிலிருந்து வட்டியையும் கோருகிறோம். ஆகஸ்ட் மாதம் 23 நாள் சம்பளம், விடுப்புச் சம்பளம் இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுத் தரவும். பி.எஃப். படிவங்கள் 20, 10டி, 5ஐஎஃப் ஆகியவற்றில் 15 நாட்களுக்குள் சான்றொப்பம் இட்டுத் தரவும்."

பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினோம். வாட்ஸப்பில் அனுப்பியதையும் போனில் பேசியதையும் பிறகு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒப்புகைச் சீட்டு ஒன்றுதான் விசாரணையில் நின்றது. சர்வீஸை நிரூபித்தது அப்பாவின் பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் கிடந்தது, ஓரம் மஞ்சளாகி, வேலையில் சேர்ந்த தேதி 1998 என்று டைப் அடித்தபடி. அப்பா எதையும் தூக்கிப்போட மாட்டார். அம்மா அதற்காக எத்தனை முறை திட்டியிருப்பார்.

கடிதத்தில் உள்ள 5ஐஎஃப் படிவத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் இழக்க இருந்த பெரிய தொகை அதுதான். பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்கு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டுத் தொகை உண்டு. அப்பா ஒரு பைசா கட்டவில்லை, அதன் சந்தாவை நிறுவனமே கட்டுகிறது. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தின் 35 மடங்கு, அதோடு பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதி. அந்தப் பாதி 1,75,000க்கு மேல் போகாது, மொத்தம் 7 லட்சத்துக்கு மேல் போகாது. அப்பாவுக்கு 5,00,500, இருப்பு 2,40,000 என்பதால் இன்னொரு 1,20,000. ஆக 6,20,500 ரூபாய். மேலாளர் தந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவுக்கு வரவேண்டிய மாத ஓய்வூதியத்துக்கான 10டி பற்றியும் இல்லை.

படிவங்களில் மில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தது. 15 நாள் பார்த்துவிட்டு, அம்மாவின் கணக்கு இருக்கும் வங்கியின் மேலாளரிடம் சான்றொப்பம் வாங்கி, காரணத்தை ஒரு கடிதமாக எழுதி நேராக பி.எஃப். அலுவலகத்தில் கொடுத்தோம். அதை ஏற்றுக்கொண்டார்கள். நிறுவனம் கையெழுத்துப் போடாததால் எல்லாம் போயிற்று என்று யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கிராஜுவிட்டிக்கு மில் பதிலே தரவில்லை. தொழிலாளர் உதவி ஆணையரிடம் அதைக் கேட்டு 'N' படிவம் கொடுத்தோம். இதற்கு அப்போது 90 நாள் கெடு இருந்தது. தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது வாய்தாவில் மேலாளர் வக்கீலோடு வந்து ஈ.எஸ்.ஐ. அட்டையைப் பார்த்தார். 2023 அக்டோபர் கடைசியில் 1,48,000 ரூபாயும், ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டியாக 13 மாதத்துக்கு 16,000 சொச்சமும் வந்தது. 23 நாள் சம்பளத்தையும் அன்றே கொடுத்தார்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய பணிக்கொடைச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. இப்போது விண்ணப்பிப்பவர்கள் படிவங்களின் பெயரைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 15/26 கணக்கும் 30 நாள் கெடுவும் அதிலும் உண்டு. இறந்தவருக்கு ஐந்து வருட சர்வீஸ் தேவையில்லை என்பதும் அப்படியே. ஐந்து வருடம் ஆகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள்.

விடுப்புச் சம்பளம் இன்னும் வரவில்லை. பதிவேடு காணவில்லை என்கிறார்கள். அப்பாவின் விடுப்பு அட்டை என்னிடம் இருக்கிறது, 41 நாள் பாக்கி என்று அவர் கையாலேயே எழுதியது. அதன் நகலை இணைத்து மூன்றாவது கடிதத்தைப் போன திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து போட்டிருக்கிறேன்.