ஸ்கோரா, கடைசி ஓவரா: ஞாயிறு லீக் பாட்காஸ்ட்டை எதில் தொடங்குவது?

பாளையங்கோட்டைப் பக்கம் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு சின்ன கிரிக்கெட் லீக்குக்கு வாரம் ஒரு பாட்காஸ்ட் செய்கிறோம். எட்டு அணிகள், அணிக்கு 25 ஓவர், ஒரு ஞாயிறுக்கு நான்கு ஆட்டங்கள். திங்கள் இரவு ஸ்கிரிப்ட் எழுதி, செவ்வாய் மாலை பதிவு செய்து, புதன் காலையில் வெளியிடுவோம். மொத்தம் 20 நிமிடம். பேசுவது இரண்டு பேர்: நானும், நெடுநாள் நடுவராக நின்ற ஒரு அண்ணாச்சியும்.

பகுதிகளை இரண்டு விதமாக அடுக்கிப் பார்த்திருக்கிறோம். முதல் வரிசையில் நான்கு ஆட்ட முடிவுகள், புள்ளிப் பட்டியல், அப்புறம் வாரத்தின் சிறந்த ஆட்டம், கடைசியில் அடுத்த வார அட்டவணை. இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு ஆட்டத்தின் ஒரே ஒரு தருணத்தில் தொடங்கி, அதைப் பேசி முடித்துவிட்டு, மற்ற முடிவுகள், பட்டியல், அட்டவணை என்று போவோம்.

ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். தாமிரபரணிக்கு மேல்கரை அணி ஒன்றும் கீழ்கரை அணி ஒன்றும் மோதின. மேல்கரை 143 ரன். கீழ்கரைக்குக் கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும், கையில் இரண்டு விக்கெட். ஒன்று, நாலு, சும்மா, ஒன்று, விக்கெட். கடைசிப் பந்தில் மூன்று ரன் வேண்டும், புதிதாக இறங்கிய பையன் மட்டையைச் சுற்றினான், பந்து படவே இல்லை. இரண்டு ரன்னில் தோல்வி.

முதல் வரிசையில் நான் எழுதியது இது: "முதல் ஆட்டத்தில் மேல்கரை அணி 25 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 143. கீழ்கரை அணி 25 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 141. இரண்டாவது ஆட்டத்தில்..." ஒரு ஆட்டத்துக்கு ஆறு எண், நான்கு ஆட்டத்துக்கு இருபத்து நான்கு. பேப்பரில் படித்தால் கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும். காது திரும்பிப் போகாது. மூன்றாவது ஆட்டம் வரும்போது முதல் ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பதே மறந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, ஞாயிறு ராத்திரிக்குள் ஸ்கோர் எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றி முடிந்திருக்கும். புதன்கிழமை அதையே செய்தி மாதிரி வாசித்தால் யார் கேட்பார்கள்?

இரண்டாவது வரிசையில் அதே ஆட்டம் இப்படித் தொடங்கியது: "கடைசிப் பந்து. மூணு ரன் வேணும். ஸ்ட்ரைக்ல நிக்கிற பையன் களத்துக்கு வந்தே ஒரு நிமிஷம்தான் ஆச்சு. அண்ணாச்சி, அந்த எடத்துல நீங்க நடுவரா நின்னா எதப் பாப்பீங்க?" அவர் சொன்ன பதில், "அத ஏன் கேக்க தம்பி, நான் பவுலர் காலத்தான் பாப்பேன். நோ பால் விழுந்தா ஆட்டமே மாறிரும்லா!" ஸ்கோரை வாட்ஸ்அப்பில் பார்த்தவருக்கும் இது புதுசு.

ஆனால் முதல் வரிசையைத் தூக்கி எறிந்துவிட முடியாது. மற்ற ஆறு அணிக்காரர்களும் தங்கள் பெயர் எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார்கள். பத்து நிமிடம் ஒரே ஆட்டத்தைப் பேசினால் அவர்கள் போய்விடுவார்கள். அதனால் தொடக்கக் காட்சி முடிந்ததும், ஆட்டத்தை விரித்துப் பேசுவதற்கு முன்பே, அணிக்கு ஒரு வாக்கியமாக எட்டுப் பெயரையும் சொல்லிவிடுகிறோம். எண் வேண்டாம், யார் யாரை வென்றார் என்பது மட்டும். நாற்பது நொடிதான் ஆகும்.

பட்டியலிலும் இதே கதைதான். எட்டு அணியின் புள்ளியையும் நிகர ரன் விகிதத்தையும் வரிசையாக வாசிப்பது வீண். நாலாவது இடத்துக்கு யார் யார் மோதுகிறார்கள், வரும் ஞாயிறு யார் தோற்றால் யாருக்கு லாபம், அது போதும். அந்த விகிதக் கணக்கில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். ஓர் அணி 18 ஓவரில் 90 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனால், 90ஐ 18ஆல் வகுத்து ஓவருக்கு 5 ரன் என்று சொல்லக் கூடாது. ஆல் அவுட் ஆன அணிக்கு முழு 25 ஓவரையும்தான் கணக்கில் எடுப்பார்கள், ஆக 3.6. நான் ஒரு தடவை தவறாகப் போட்டு, ஒரு அணி மேலே இருப்பதாகச் சொல்லிவிட்டேன். மறுவாரம் தொடக்கத்திலேயே திருத்தம் சொன்னோம்.

பகுதிக்குப் பகுதி தாவுவதிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, "அடுத்ததாகப் பார்க்கப்போவது" என்று சொல்லி இசை போடுவது. எந்த வாரத்துக்கும் பொருந்தும், அதனாலேயே எந்த வாரமும் நினைவில் நிற்காது. இன்னொன்று, முந்தைய பகுதியின் கடைசிச் சொல்லைப் பிடித்து அடுத்ததைத் திறப்பது. ஒரு ஆட்டத்தில் சிக்ஸர் போன பந்து பக்கத்து வாழைத் தோட்டத்தில் விழுந்துவிட்டது. அண்ணாச்சி சொன்னார்: "பந்து தேட நாலு பேரு உள்ள போனாவ. பந்து வரல, தோட்டக்காரர் குடுத்த ஒரு சீப்பு ரசகதலி வந்துச்சு." நான் தொடர்ந்தேன்: "பந்து கிடைக்கல, சரி. புள்ளி யாருக்குக் கிடைச்சுதுன்னு பாப்போம்." சிரிப்பு அடங்குவதற்குள் பட்டியலுக்கு வந்துவிட்டோம், இசையே தேவைப்படவில்லை.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஒரு ஆட்டக்காரருக்குக் கால் எலும்பு முறிந்த செய்தியிலிருந்து இப்படித் தாவ முடியாது. அங்கே இரண்டு நொடி மௌனம், பிறகு இசை, பிறகு புதுக் குரலில் தொடக்கம்.

நகைச்சுவை தோட்டம், வெயில், தொலைந்த பந்து இவற்றின் மேல் விழலாம், ஆள் மேல் விழக் கூடாது. மூன்று கேட்ச் விட்ட பையனை ஒரு வாரம் பெயர் சொல்லிக் கிண்டல் செய்தோம். நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். அடுத்த ஞாயிறு அவன் மைதானத்துக்கே வரவில்லை. டி.என்.பி.எல். ஆடுகிறவரைக் கிண்டல் செய்தால் அவருக்கு அது தொழிலில் ஒரு பகுதி. இங்கே ஆடுகிறவன் அதே கடைக்கு, அதே கல்லூரிக்குத்தான் போக வேண்டும், அங்கே எல்லோரும் கேட்டிருப்பார்கள். அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தோம்.

முழுதாக எழுதுவதா, குறிப்பு மட்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொடக்க வரிகள், தாவல் வரிகள், எண் வரும் இடங்கள், இவற்றைச் சொல்லுக்குச் சொல் எழுதுவேன். நான் வாசிக்கும் வேகத்துக்கு நூறு சொல் ஒரு நிமிடம், அதை வைத்து நேரம் கணக்கிடலாம். அண்ணாச்சி பேசும் இடத்தில் கேள்வி மட்டும் எழுதுவேன். பதிலையும் எழுதிக் கொடுத்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல வாசித்தார். "அத ஏன் கேக்க" எல்லாம் எழுதி வருவதில்லை.

லீக்கின் கடைசி இரண்டு வாரம் மட்டும் முதல் வரிசைக்கே திரும்புகிறோம். அப்போது பட்டியல்தான் கதை, எந்தக் கடைசி ஓவரும் அதற்குப் பின்னால்தான். ஐப்பசி கார்த்திகையில் மழை வந்து நான்கு ஆட்டமும் நின்றுபோனால் இரண்டு வரிசையும் உதவாது. அந்த வாரம் அண்ணாச்சியிடம் ஒரு விதியைக் கேட்டு, பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவோம்.

எந்த வரிசையானாலும் முடிவு ஒன்றுதான்: வரும் ஞாயிறு யாருக்கு யார், எந்த மைதானம், எத்தனை மணி. ஒரு தடவை நான் சொல்வேன், அதையே அண்ணாச்சி இன்னொரு தடவை சொல்வார். பைக்கில் போகிறவர் முதல் தடவை ஹாரன் சத்தத்தில் விட்டிருப்பார்.