மினிட்ஸ் டெம்ப்ளேட்: போன மாதக் கோப்பின் நகலா, வேர்டா, கூகுள் டாக்ஸா?

கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுபவர்களில் பலரிடம் டெம்ப்ளேட் என்று தனியாக ஒன்று இருக்காது. போன கூட்டத்தின் கோப்பைத் திறப்பார்கள், Save As கொடுப்பார்கள், தேதியை மாற்றிவிட்டு மேலிருந்து கீழாகத் திருத்திக்கொண்டே போவார்கள். ஆகவே வேர்டையும் கூகுள் டாக்ஸையும் மட்டும் ஒப்பிட்டால் போதாது. இந்த ‘போன மாத நகல்’ முறையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றையும் ஒரே கூட்டத்தை வைத்துப் பார்ப்போம். ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடுகிறது. இது 17ஆவது கூட்டம். அஜெண்டாவில் மூன்றாவது பொருள், அடிக்கடி பழுதாகும் பிரிண்டர். புதிது வாங்கலாம் என்று தீர்மானமாகிறது. பொருளாளர் மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரி 18ஆவது கூட்டத்தின் மேசைக்கு ஒழுங்காக வந்து சேர்கிறதா என்பதை வைத்தே நான் டெம்ப்ளேட்டை எடைபோடுவேன். தலைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த வரி நடுவில் தொலைந்தால் அது நல்ல டெம்ப்ளேட் இல்லை.

முதலில் நகல் முறை. அதற்கு ஒரு பெரிய வசதி உண்டு: நிலுவைப் பணிகள் கண்ணெதிரே இருக்கும், கைவிட்டுப் போகாது. ஆனால் அதே காரணத்தால் நிலுவையில் இல்லாதவையும் கூடவே வரும். போன முறை வந்து இந்த முறை வராதவரின் பெயர் வருகைப் பட்டியலில் அப்படியே தங்கிவிடும். ஓட்டெடுப்போ கோரம் பற்றிய கேள்வியோ வரும் நாளில் இது பெரிய சிக்கல். பழைய ஓரக் குறிப்புகளும் ஏற்கப்படாத திருத்தங்களும் கோப்போடு ஒட்டிக்கொண்டு வரும். போன கூட்டத்தில் யாரோ எழுதிய மனத்தாங்கலான ஒரு கமெண்ட் இந்த மாதக் கோப்பில் எல்லோருக்கும் போய்ச் சேரும். உங்கள் குழுவில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். பழைய மினிட்ஸ்களில் ‘அடுத்த கூட்டம்’ என்ற கடைசி வரியை மட்டும் வரிசையாகப் பாருங்கள். அந்தக் கூட்டத்துக்கு முந்தைய தேதி ஏதாவது ஒன்றில் இருந்தால், வருகைப் பட்டியலையும் நம்ப முடியாது.

சரி, வேர்டுக்கு வருவோம். இங்கே டெம்ப்ளேட் என்பது தனி வகைக் கோப்பு. சேமிக்கும்போது Word Template (*.dotx) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் டெம்ப்ளேட் திறக்காது, அதன் வடிவத்தில் பெயரிடாத ஒரு புதிய கோப்புதான் திறக்கும். வெற்றுப் படிவத்தின் மேலேயே யாரோ இந்த மாதக் குறிப்பை எழுதிச் சேமித்துவிடும் வாய்ப்பு இதனால் குறைகிறது. டெம்ப்ளேட்டையே திருத்த வேண்டுமானால் வலது கிளிக் செய்து Open கொடுக்க வேண்டும்.

வேர்டில் பலரும் சறுக்கும் இடம் தேதி. தலைப்பில் தேதி வேண்டுமே என்று Insert > Date & Time போய், Update automatically என்பதையும் டிக் செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் உள்ளே போவது DATE என்ற புலம். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறந்தால் கூட்டத் தேதியாக அன்றைய தேதியைக் காட்டும். மினிட்ஸ் என்ற ஆவணத்துக்கு இதைவிடக் கேடு வேறில்லை. CREATEDATE புலம் மாறாது என்றாலும் அது கோப்பு உருவான நாளைத்தான் காட்டும். கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்து நீங்கள் திங்கட்கிழமை எழுத உட்கார்ந்தால் அதுவும் தப்புதான்.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. Insert > Quick Parts > Document Property பட்டியலில் Publish Date என்று ஒன்று வரும். அதை முதல் பக்கத்தில் ‘கூட்ட நாள்’ என்ற இடத்தில் ஒருமுறையும், ஒவ்வொரு பக்கத்தின் மேல் விளிம்பில் வரும் ஹெட்டரில் ஒருமுறையும் செருகுங்கள். ஓரிடத்தில் நாட்காட்டியைத் திறந்து தேதியைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இடத்திலும் தானாக மாறும், பிறகு யாரும் தொடாதவரை அப்படியே நிற்கும். அதே பட்டியலில் உள்ள Title குழுவின் பெயருக்கும் கூட்ட எண்ணுக்கும் ஆகும். Status என்பதை ‘வரைவு’, ‘ஏற்கப்பட்டது’ என்று குறிக்க வைத்துக்கொள்ளலாம். தனிப் பக்கம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து யாரிடமாவது கொடுத்தாலும், அது எந்தக் கூட்டத்தின் தாள், இறுதியானதா இல்லையா என்பது அதிலேயே தெரியும்.

அடுத்தது பணிகள் அட்டவணை. விண்டோஸில் இயங்கும் வேர்டில் Developer பட்டையை வரவழைத்துக்கொண்டு (File > Options > Customize Ribbon), அட்டவணையின் ஒரு முழு வரியைத் தேர்வு செய்து Repeating Section Content Control கொடுத்தால், அந்த வரியின் ஓரத்தில் ஒரு + குறி வரும். அதை அழுத்த அழுத்த அதே அமைப்பில் புது வரிகள் பிறக்கும். 2013 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. கெடு கட்டத்தில் Date Picker வைத்தால் நாட்காட்டியிலேயே தேதியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கையால் ‘சீக்கிரம்’ என்று எழுதுவதை அது தடுக்காது. பொறுப்பாளர் கட்டத்தில் ஒன்பது பேரும் உள்ள Drop-Down List வைத்துவிட்டால், ‘எல்லோரும்’ என்று யாரும் எழுத முடியாது. எழுத விடாமல் தடுக்கும் இந்தக் கண்டிப்புதான் வேர்டின் பெரிய பலம் என்று நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: நிரப்பாமல் விட்ட கட்டத்தில் உள்ள ‘Click or tap here…’ வாசகம் பிரிண்டிலும் வரும். அனுப்புமுன் பிரிண்ட் முன்னோட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நம் பிரிண்டர் விஷயம் அதில் இப்படி உட்காரும்:

```
பணி எண்   : 17/3
பணி       : பிரிண்டருக்கு 3 விலைப்புள்ளி வாங்கி
            எல்லோருக்கும் அனுப்புதல்
பொறுப்பு  : பொருளாளர்
முதல் கெடு : கூட்டம் 18க்கு 7 நாள் முன்
புதிய கெடு : —
நிலை      : நிலுவை
```

17/3 என்பது 17ஆவது கூட்டத்தின் மூன்றாவது பொருள். இந்த எண்ணை எந்த மாதத்திலும் மாற்றக் கூடாது. கெடுவுக்கு இரண்டு கட்டங்கள் வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒரே கட்டம் இருந்தால், தள்ளிப்போகும்போதெல்லாம் பழைய தேதியை அழித்துப் புதியதை எழுதுவார்கள். நான்கு மாதமாக இழுத்தடிக்கும் பணியும் நேற்றுக் கொடுத்த பணி மாதிரியே தெரியும்.

ஆனால் இவ்வளவும் செய்த பிறகு வேர்டின் குறை பல்லிளிக்கிறது. 18ஆவது கூட்டத்துக்கு .dotx கோப்பைத் திறந்தால் பணிகள் அட்டவணை காலியாக வரும். டெம்ப்ளேட் என்றால் அப்படித்தான் வரவும் வேண்டும். 17/3ஐ யாராவது பழைய கோப்பிலிருந்து கையால் எடுத்து ஒட்ட வேண்டும். மறந்தால் போயிற்று.

கூகுள் டாக்ஸ் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். அங்கே கூட்டத்துக்கு ஒரு கோப்பு என்று வைக்காமல், ஒரே ஆவணத்தில் புதிய கூட்டத்தை மேலே சேர்த்துக்கொண்டே போகலாம். @ அடித்து Meeting notes தேர்ந்தெடுத்தால் நாட்காட்டியில் உள்ள கூட்டத்தைக் கேட்கும். தேர்ந்தெடுத்ததும் தேதி, தலைப்பு, அழைக்கப்பட்டவர்கள், குறிப்புகள், பணிகள் என்று ஒரு சட்டகம் வந்து விழும். 18ஆவது கூட்டத்தை எழுதும்போது 17இன் பணிகள் சற்றுக் கீழேயே இருக்கும். முதல் பொருளாக அவற்றை மேலே ஏற்றிவிடலாம். ஒரு பொருளைப் பற்றிப் பேச்சு நடக்கும்போதே இரண்டு பேர் சேர்ந்து தட்டச்சு செய்யலாம். தீர்மானத்தின் வாசகத்தைத் திரையில் காட்டி, அங்கேயே எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி திருத்தலாம். @today என்று கொடுத்தால் விழும் தேதியும் நிலையானது, பிறகு தானாக மாறாது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது வருகை. தானாக வந்து விழும் பெயர்கள் அழைப்பில் இருப்பவை. வந்தவர்கள் யார் என்பது அதற்குத் தெரியாது. மினிட்ஸில் பதிவாக வேண்டியது வந்தவர், முன்பே சொல்லிவிட்டு வராதவர், சொல்லாமல் வராதவர், நடுவில் எழுந்து போனவர் என்றால் எந்தப் பொருளின்போது போனார் என்பது. ஆகவே கூகுள் தரும் சட்டகத்தை அப்படியே எடுக்காமல், வருகைக்கு உங்கள் சொந்த அட்டவணையைத் தயாரித்து ஆவணத்தின் அடியில் வெற்றுப் படிவமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதை நகலெடுத்து மேலே ஒட்டுங்கள்.

இரண்டாவது இன்னும் கனமானது. ஒரே ஆவணத்தில் எல்லாக் கூட்டமும் இருந்தால், அனுமதியும் முழு ஆவணத்துக்கும் ஒன்றுதான். பிரிண்டர் தீர்மானத்தைப் பார்க்க வேண்டிய ஒரு வெளியாளுக்கு இணைப்பைக் கொடுத்தால், ஒரு வருடப் பேச்சும் அவருக்குத் திறந்துவிடும். போதாக்குறைக்கு, திருத்தும் உரிமை உள்ள யாரும் போன மாதத் தீர்மானத்தில் ஒரு சொல்லை மாற்றிவிட முடியும். Version history அதைக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் சந்தேகம் வந்தால்தானே யாரும் அங்கே போய்ப் பார்ப்பார்கள்? இதைச் சமாளிக்க, அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் ஏற்கப்பட்ட அன்றே அந்தப் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக நகலெடுத்து, பிடிஎஃப் ஆக்கித் தனி ஃபோல்டரில் போட வேண்டும். இதைச் செய்யாத குழுவுக்கு நான் கூகுள் டாக்ஸைச் சொல்ல மாட்டேன்.

கூட்டத்துக்கு ஒரு கோப்புதான் வேண்டும், ஆனால் கூகுளில் வேண்டும் என்பவர்களுக்கும் வழியுண்டு. வெற்றுப் படிவத்தின் முகவரியில் கடைசியில் வரும் `/edit` என்ற பகுதியையும் அதன் பின்னால் உள்ளதையும் எடுத்துவிட்டு `/copy` என்று போட்டு அந்த இணைப்பைப் பகிருங்கள். திறப்பவரிடம் நகல் எடுக்கிறீர்களா என்றுதான் கேட்கும், மூலப்படிவம் திறக்காது. பணிகளைக் கையால் ஏற்றும் வேலை மட்டும் வேர்டைப் போலவே இங்கும் திரும்ப வந்துவிடும்.

அப்படியானால் எது? தீர்மானங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய, கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்க வேண்டிய குழு என்றால் வேர்டு. வாரா வாரம் கூடிப் பிரியும் வேலைக் குழு என்றால் கூகுள் டாக்ஸின் ஒற்றை ஆவணம். நம் ஒன்பது பேர் குழு முதல் வகை. அதற்கு நான் வேர்டு டெம்ப்ளேட்டைத்தான் எடுப்பேன், ஆனால் பணிகளை மட்டும் அதிலிருந்து பிரித்து ஒரு கூகுள் ஷீட்டில் வைப்பேன். மேலே காட்டிய ஆறு கட்டங்களும் ‘பணிகள்’ என்று பெயரிட்ட தாளில் A முதல் F வரை வரும். 17/3 என்பதை ஷீட் தேதியாக எடுத்துக்கொள்ளாதபடி A வரிசையை முதலிலேயே Format > Number > Plain text ஆக்கிவிடுங்கள். இன்னொரு தாளில் இந்த ஒரு வரி போதும்:

```
=FILTER('பணிகள்'!A2:F, 'பணிகள்'!F2:F="நிலுவை")
```

‘நிலை’ கட்டத்துக்கு Data validation மூலம் ‘நிலுவை’, ‘முடிந்தது’, ‘கைவிடப்பட்டது’ என்ற மூன்றை மட்டும் அனுமதியுங்கள். ஒருவர் ‘நிலுவையில்’ என்று எழுதினால் அந்த வரி வடிகட்டலில் விழாமல் போய்விடும். 18ஆவது கூட்டத்தின் அழைப்பை அனுப்பும் நாளில் இந்தத் தாளைத் திறந்தால் 17/3 அதில் நிற்கும். அதை அப்படியே அஜெண்டாவின் முதல் பொருளுக்கு அடியில் ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். ‘அடுத்த கூட்டம்’ பகுதியிலும் நாள், நேரம், இடத்தோடு ‘அஜெண்டாவுக்குப் பொருள் தரக் கடைசி நாள்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, அதைப் பொருளாளரின் கெடு நாளாகவே வைத்துவிட்டால், செயலாளர் ஷீட்டைத் திறக்க வேண்டிய நாளும் அதிலேயே முடிவாகிவிடும்.